ஆளில்லா முகவரி: ஹோஸ்ட்ஸ் கோப்பின் ஒரு வரலாறு

ஒரு கணினியில் குறிப்பிட்ட ஒரு தளம் திறக்கக் கூடாதென்று நாம் முடிவு செய்தால், அதற்காக மென்பொருள் எதையும் நிறுவத் தேவையில்லை. இயங்குதளத்தோடு வரும் `hosts` என்னும் சிறிய உரைக்கோப்பில் ஒரு வரி எழுதினால் போதும். அந்தத் தளத்தின் பெயருக்கு எதிரே எவரும் குடியிராத ஒரு முகவரியை எழுதிவிடுகிறோம். உலாவி அந்தப் பெயரைக் கேட்கிறது, கணினி அந்த முகவரியைத் தருகிறது, உலாவி அங்கே சென்று கதவைத் தட்டுகிறது, திறக்க ஆளில்லை. நுட்பம் இவ்வளவுதான்.

ஆனால் இந்த ஒரு வரிக்குள் இரண்டு வரலாற்றுக் கேள்விகள் உள்ளன. பெயர்களைக் கண்டுபிடிப்பதற்காகப் பிறந்த ஒரு பட்டியல், பெயர்களைத் தொலைப்பதற்கான கருவியாக எப்படி மாறியது? இரண்டாவது, 'எவரும் குடியிராத முகவரி' என்று எதைச் சொல்கிறோம், அது காலியாக இருக்கிறது என்பதற்கு யார் பொறுப்பு? மொழியியல் பயின்றவர்களுக்கு இரண்டாவது கேள்வி பழக்கமானதாகவே தோன்றும். பெயர் இருந்தும் அது சுட்டும் பொருள் இல்லாத நிலையை நாம் வாக்கியங்களில் ஆராய்கிறோம். இங்கே அந்த நிலையை ஒருவர் வேண்டுமென்றே உருவாக்குகிறார்.

முதலில் பட்டியலின் பிறப்பைப் பார்ப்போம். இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் தொடக்கத்தில் ஒவ்வொரு நிலையமும் மற்றக் கணினிகளின் பெயர்ப்பட்டியலைத் தானே எழுதி வைத்துக்கொண்டது. விளைவு எதிர்பார்க்கத்தக்கதே. ஒரே கணினி ஓரிடத்தில் ஒரு பெயராலும் மற்றோரிடத்தில் வேறு பெயராலும் வழங்கியது. 1971 செப்டம்பரில் பெக்கி கார்ப் எழுதிய ஆர்.எஃப்.சி. 226 இந்தப் பெயர்களைத் தரப்படுத்தும் முயற்சி. 1973 டிசம்பரில் எல். பீட்டர் டாய்ச் எழுதிய ஆர்.எஃப்.சி. 606, அதிகாரபூர்வமான ஒரே பட்டியலை ஒரு மைய நிலையம் இணைப்பிலேயே வைத்திருக்க வேண்டும் என்று முன்மொழிந்தது. அப்பொறுப்பு கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் இருந்த ஸ்டான்ஃபர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தின் வலைப்பின்னல் தகவல் மையத்திடம் சென்றது. 1972 முதல் 1989 வரை அம்மையத்தை நடத்தியவர் எலிசபெத் ஃபைன்லர். அங்கே தொகுக்கப்பட்ட `HOSTS.TXT` என்ற கோப்பே பின்னாளைய ஹோஸ்ட்ஸ் கோப்புகள் அனைத்துக்கும் மூலம்.

நடைமுறை எளியது. புதிய கணினியை இணைப்பவர் அம்மையத்துக்குத் தகவல் அனுப்புவார். மையம் பட்டியலைத் திருத்தும். மற்ற நிலையங்கள் அவ்வப்போது புதிய படியை இறக்கிக்கொள்ளும். எனவே உலகத்தின் பெயர்கள் யாவும் ஒரே கோப்பில் அடங்கின. அக்கோப்பின் படி ஒவ்வொரு கணினியிலும் இருந்தது. கணினிகள் பெருகியபோது இம்முறை மூன்று பக்கமும் திணறியது. எல்லோரும் ஒரே இடத்திலிருந்து இறக்கியதால் அந்த இடத்தில் சுமை கூடியது. திருத்தம் எல்லா இடங்களையும் எட்டுவதற்குள் பட்டியல் பழையதானது. ஒரே பெயரை இருவர் கேட்டால் ஒருவர் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. 1983 நவம்பரில் பால் மொகபெட்ரிஸ் வெளியிட்ட ஆர்.எஃப்.சி. 882, 883 ஆகிய இரண்டு ஆவணங்கள் இதற்கு மாற்றாக டி.என்.எஸ். என்னும் பரவலாக்கப்பட்ட பெயர் முறையை வகுத்தன. பெயர்களை ஒரே கோப்பில் குவிக்காமல், ஒவ்வொரு கிளையையும் அந்தக் கிளைக்கு உரியவரே பராமரிக்கும் முறை அது.

டி.என்.எஸ். வந்த பிறகு ஹோஸ்ட்ஸ் கோப்பு மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை. பெர்க்லியின் 4.2 பி.எஸ்.டி. யூனிக்ஸ் அதே 1983இல் அதை `/etc/hosts` என்ற இடத்தில் எளிய வடிவில் வைத்தது: முதலில் முகவரி, பிறகு பெயர், கூட்டல் கட்டக் குறிக்குப் பின் வருவதெல்லாம் குறிப்பு. கணினி உயிர்பெறும் தருணத்தில் வலைப்பின்னல் இன்னும் தயாராகியிருக்காது. அப்போது தன் பெயரையும் பக்கத்துக் கணினிகளின் பெயர்களையும் அறிய இக்கோப்பு தேவைப்பட்டது. விண்டோஸும் இதை ஏற்றது. அங்கே கோப்பு இருக்கும் பாதை `C:\Windows\System32\drivers\etc\hosts`. விண்டோஸில் வேறெங்கும் பொருளற்ற `etc` என்ற அடைவுப் பெயர், இது யூனிக்ஸ் வீட்டிலிருந்து வந்த பொருள் என்பதைக் காட்டிக்கொண்டே இருக்கிறது.

இவ்வாறு எஞ்சிய கோப்புக்கு ஒரு முன்னுரிமையும் எஞ்சியது. பெயரொன்றைத் தேடும் இயங்குதளம் பொதுவாக முதலில் ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்க்கிறது. அங்கே விடை கிடைக்காவிட்டால்தான் டி.என்.எஸ். சேவையகத்தைக் கேட்கிறது. லினக்ஸில் இந்த வரிசை `/etc/nsswitch.conf` கோப்பில் வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கும்: `hosts: files dns`. வீட்டுக்குள் இருப்பவர் சொன்ன விடைக்குப் பின் ஊராரைக் கேட்பதில்லை. தளங்களைத் தடுக்கும் உத்தி முழுவதும் இந்த வரிசையின் மேல்தான் நிற்கிறது.

இந்த உத்திக்கான தேவையை உருவாக்கியவை விளம்பரங்கள். 1994 அக்டோபர் 27 அன்று ஹாட்வயர்டு இணைய இதழ் பதாகை விளம்பரங்களை வெளியிடத் தொடங்கியது. சில ஆண்டுகளில் விளம்பரங்களை இதழ்களே வைத்திருக்கும் நிலை மாறியது. இதழின் பக்கம் இதழின் சேவையகத்திலிருந்து வரும். அதற்குள் இருக்கும் பதாகை `ad.doubleclick.net` போன்ற வேறொரு பெயரிலிருந்து வரும். வாசகர் எத்தனை தளங்களுக்குச் சென்றாலும் விளம்பரம் தரும் பெயர் ஒன்றாகவே இருந்தது. அதனால்தான் அந்நிறுவனத்தால் வாசகரைத் தளம் தளமாகப் பின்தொடர முடிந்தது. அதே காரணத்தால்தான் அந்த ஒரு பெயரை அடைத்தால் எல்லாத் தளங்களிலும் விளம்பரம் ஒருசேர நின்றது. பலம் இருந்த இடமே பலவீனமாகவும் அமைந்தது.

அக்காலத் தொலைபேசி இணைப்பில் இதற்குப் பொருளாதாரப் பொருளும் இருந்தது. நொடிக்கு 28.8 கிலோபிட் வேகம் கொண்ட மோடத்தில் நொடிக்கு அதிகமாக 3.6 கிலோபைட் வரும். பத்து கிலோபைட் அளவுள்ள ஒரு பதாகைக்கு ஏறத்தாழ 3 நொடி. பக்கத்துக்கு நான்கு பதாகை என்றால் 12 நொடி காத்திருப்பு. 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது இங்கே கிடைத்ததும் இத்தகைய தொலைபேசி இணைப்பே. இணைந்திருக்கும் நேரம் முழுவதும் தொலைபேசிக் கட்டணமும் ஓடியது. வேண்டாத படத்துக்காகக் காத்திருக்கும் நொடிகளுக்கும் வாசகரே பணம் கட்டினார்.

எனவே ஹோஸ்ட்ஸ் கோப்பில் இப்படியொரு வரி தோன்றியது:

```
127.0.0.1   localhost
127.0.0.1   ad.doubleclick.net
```

முதல் வரி கோப்பில் பழைய நாளிலிருந்தே இருப்பது. இரண்டாவது வரி, விளம்பரப் பெயரும் இந்தக் கணினியையே குறிக்கிறது என்று சொல்கிறது. இங்கேதான் நம் இரண்டாவது கேள்வி எழுகிறது: ஏன் இந்த முகவரி?

127 எனத் தொடங்கும் முகவரித் தொகுதி முழுவதும் கணினி தன்னைத்தானே அழைத்துக்கொள்வதற்கென ஒதுக்கப்பட்டது. 1986இன் ஆர்.எஃப்.சி. 990 இதைப் பதிவு செய்கிறது. 1989இன் ஆர்.எஃப்.சி. 1122, இம்முகவரி கணினிக்கு வெளியே தலைகாட்டவே கூடாது என்று விதிக்கிறது. ஆகவே இம்முகவரிக்கு எழுதப்படும் கோரிக்கை வலைப்பின்னலுக்குள் செல்வதில்லை. கணினியில் இணையச் சேவையகம் எதுவும் இயங்காவிட்டால், இணைப்பு அக்கணமே மறுக்கப்படுகிறது. உலாவி வெற்றிடத்தைக் காட்டிவிட்டு மேலே செல்கிறது.

ஆனால் இம்முகவரி உண்மையில் காலியானதன்று. அதில் குடியிருப்பவர் நாமே. ஒரு மாணவர் தன் கணினியில் அப்பாச்சி சேவையகத்தை இயக்கிப் பயிற்சி செய்கிறார் என்று கொள்வோம். விளம்பரத்துக்கான கோரிக்கை இப்போது அவருடைய சேவையகத்துக்கு வருகிறது. விளம்பரம் இருக்க வேண்டிய கட்டத்தில் '404' என்ற பிழைச்செய்தியோ அவருடைய சொந்தப் பக்கமோ தெரியும். தளம் `https` வழியாக அழைக்கப்பட்டால் சான்றிதழ் பொருந்தவில்லை என்ற எச்சரிக்கை வரலாம். சேவையகத்தின் பதிவேட்டைத் திறந்தால், தான் எழுதாத கோப்புகளுக்கான கோரிக்கைகள் வரிசையாக நிற்கும். இவ்வகைக் குழப்பத்தை அடையாளம் காணும் வழியும் அந்தப் பதிவேடுதான்.

அதனால் பலர் `0.0.0.0` என்ற முகவரிக்கு மாறினர். அதே ஆர்.எஃப்.சி. 1122இன்படி அது தன் முகவரியை இன்னும் அறியாத கணினி தன்னைக் குறித்துக்கொள்ளும் வடிவம். அனுப்புநர் இடத்தில் மட்டுமே வரலாம், பெறுநர் இடத்தில் வரக்கூடாது. விண்டோஸ் இந்த விதியைப் பின்பற்றுகிறது. அம்முகவரிக்கு இணைய முயன்றால் முயற்சி தொடங்கும் முன்பே பிழையாகத் திரும்புகிறது. தட்டுவதற்குக் கதவே இல்லை. லினக்ஸோ அதைத் தன்னையே குறிப்பதாக எடுத்துக்கொண்டு உள்ளூர்ச் சேவையகத்துக்கு அனுப்பிவிடுகிறது. எனவே அப்பாச்சி இயக்கும் நம் மாணவர் லினக்ஸில் இருந்தால், இந்த மாற்றத்தால் அவருக்குப் பயன் எதுவும் இல்லை. ஒரே எழுத்துவடிவம் இரண்டு இயங்குதளங்களில் இரண்டு பொருள் தருகிறது.

அப்படியானால் உண்மையிலேயே எவரும் இல்லாத, கணினிக்கு வெளியே உள்ள முகவரியைத் தரலாமே? தரலாம். ஆனால் இல்லாதவர் 'இல்லை' என்று பதில் சொல்ல மாட்டார். கணினி இணைப்புக் கோரிக்கையை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும். வழியில் உள்ள திசைவி எதுவும் சேரவில்லை என்று திருப்பிச் சொல்லாவிட்டால், இயல்பமைப்பில் உள்ள பழைய லினக்ஸ் பதிப்புகள் மேலும் ஆறு முறை முயலும். காத்திருப்பு ஒவ்வொரு முறையும் இரட்டிக்கும்: 1, 2, 4, 8, 16, 32, 64 நொடிகள். கூட்டினால் 127 நொடி. விளம்பரத்தின் 3 நொடியைத் தவிர்க்கப் போனவருக்கு இரண்டு நிமிடத்துக்கு மேற்பட்ட காத்திருப்பு. பக்கம் பாதியில் நின்று சுழன்றுகொண்டே இருந்தால் தவறு பெரும்பாலும் இதுவே. மறுப்பு உடனே வருகிறதா, நேரம் கடந்து வருகிறதா என்பதே முகவரித் தேர்வின் நல்லது கெட்டதைச் சொல்லும் அளவுகோல்.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. இன்று காலியாக உள்ள முகவரி நாளையும் காலியாக இருக்கும் என்று யார் உறுதி தருவார்? விண்டோஸோடு வரும் மாதிரி ஹோஸ்ட்ஸ் கோப்பையே எடுத்துக்கொள்வோம். அதன் விளக்கக் குறிப்பில் `102.54.94.97` என்ற முகவரி எடுத்துக்காட்டாக நிற்கிறது. அது எழுதப்பட்டபோது 102 எனத் தொடங்கும் தொகுதி எவருக்கும் தரப்படாமல் கையிருப்பில் இருந்தது. 2011 பிப்ரவரி 3 அன்று உலகின் மையக் கையிருப்பில் எஞ்சியிருந்த கடைசி ஐந்து பெருந்தொகுதிகள் ஐந்து மண்டலப் பதிவகங்களுக்கும் ஒவ்வொன்றாகப் பங்கிடப்பட்டன. 102 ஆப்பிரிக்காவுக்கான ஆஃப்ரினிக் பதிவகத்துக்குச் சென்றது. கற்பனை முகவரி மெய்யான நிலமாகிவிட்டது. மாதிரிக் கோப்போ மாறவில்லை.

`1.1.1.1` இதற்கு இன்னும் பெரிய சான்று. எழுத எளிதென்பதால் கருவிகளின் அமைப்புகளிலும் பயிற்சிக் குறிப்புகளிலும் பலர் இதை வெற்று முகவரியாக நெடுங்காலம் பயன்படுத்தினர். 2010இல் 1 எனத் தொடங்கும் தொகுதி ஆசிய பசிபிக் பதிவகமான ஏப்னிக்குக்கு வழங்கப்பட்டது. சோதனைக்காக அம்முகவரியை வலையில் அறிவித்துப் பார்த்தபோது, எவருக்கும் உரியதல்லாத பொதிகள் வெள்ளமாக வந்து குவிந்தன. 2018 ஏப்ரல் 1 முதல் அதே முகவரியில் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் பொது டி.என்.எஸ். சேவை இயங்குகிறது. அதை இல்லாத இடமென்று குறித்து வைத்திருந்த கருவிகளால் அந்தச் சேவையை அடைய இயலாமற்போனது. காலியாக இருப்பதும் காலியென்று ஒதுக்கப்பட்டிருப்பதும் ஒன்றல்ல. ஒதுக்கீடு வேண்டுமெனில் 2010இன் ஆர்.எஃப்.சி. 5737 தரும் `192.0.2.0` முதலிய மூன்று தொகுதிகள் உள்ளன. அவை ஆவணங்களில் எடுத்துக்காட்டுக்கென்றே ஒதுக்கப்பட்டவை, எவருக்கும் வழங்கப்படமாட்டா. ஆனால் முன்சொன்ன காத்திருப்புச் சிக்கல் அவற்றுக்கும் உண்டு. எனவே விண்டோஸில் `0.0.0.0` என்பதும், உள்ளூர்ச் சேவையகம் இல்லாத எந்தக் கணினியிலும் `127.0.0.1` என்பதும் நடைமுறையில் பொருத்தமானவை.

இக்கோப்பின் அதிகாரத்தைத் தடுப்பவர்கள் மட்டும் அறிந்திருக்கவில்லை. 2004 ஜனவரி இறுதியில் பரவிய மைடூம்.பி என்ற புழு, தான் புகுந்த கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பை மாற்றி எழுதியது. நச்சுநிரல் எதிர்ப்பு நிறுவனங்களின் தளங்களுக்கும் மைக்ரோசாஃப்ட் தளங்களுக்கும் `0.0.0.0` என்ற முகவரியை இட்டது. நோயுற்றவருக்கு மருத்துவமனைக்கு வழி தெரியாமற்செய்த உத்தி. அந்தப் பட்டியலில் `ad.doubleclick.net` என்ற பெயரும் இருந்தது. பயனர்களின் தற்காப்பும் புழுவின் தாக்குதலும் எழுத்தளவில் ஒரே வரியாக நின்றன. வரியைப் பார்த்து எழுதியவரின் நோக்கத்தைப் பிரித்தறிய முடியாது.

இயங்குதளம் எழுதியவர்களின் எதிர்வினை இங்கிருந்து தொடங்குகிறது. விண்டோஸின் பெயர்த்தேடல் நூலகமான `dnsapi.dll` கோப்புக்குள் சில மைக்ரோசாஃப்ட் பெயர்கள் நேரடியாக எழுதப்பட்டிருப்பதும், அப்பெயர்களுக்கு ஹோஸ்ட்ஸ் கோப்பு புறக்கணிக்கப்படுவதும் 2006இல் வெளியே தெரிந்தது. 2012இல் விண்டோஸ் 8இன் டிஃபென்டர், `facebook.com`, `ad.doubleclick.net` ஆகிய பெயர்களைத் தடுக்கும் வரிகளைப் பயனரைக் கேளாமல் அழிப்பதாகச் செய்தி வந்தது. 2020இல் மைக்ரோசாஃப்டின் தரவு சேகரிப்புச் சேவையகங்களைத் தடுத்த கோப்புகளை அதே டிஃபென்டர் `HostsFileHijack` என்று பெயரிட்டு அச்சுறுத்தலாக அறிவித்தது. புழுவிடமிருந்து காக்கும் கைதான் பயனரின் முடிவையும் துடைக்கிறது. சொந்தக் கணினியில் ஒரு பெயர் எதைக் குறிக்கும் என்பதை இறுதியாகச் சொல்பவர் யார் என்ற கேள்வி இங்கே கருத்தளவிலானதன்று. ஒரு வரி மறுநாள் கோப்பில் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியது.

கோப்பின் இயல்பான எல்லைகளும் அதன் பிறப்பிலிருந்தே வருபவை. அது முழுப்பெயர்களின் பட்டியல். 'இப்பெயரில் முடியும் யாவும்' என்று எழுத அதில் இலக்கணம் இல்லை. `example.com` என்பதை அடைத்தால் `www.example.com` திறந்தே இருக்கும். இரண்டையும் தனித்தனியே எழுத வேண்டும். ஒரு தளத்தின் ஒரு பக்கத்தை மட்டும் அடைக்க இயலாது, ஏனெனில் பக்கத்தின் பாதை பெயரின் பகுதியன்று. விளம்பரத்தை இதழ் தன் சொந்தப் பெயரிலிருந்தே வழங்கினால் கோப்பு கையற்று நிற்கும். பெயரை அடைத்தால் இதழும் போய்விடும். இயங்குதளத்தைக் கேளாமல் தானே டி.என்.எஸ். கேட்கும் செயலிக்கு இக்கோப்பு இருப்பதே தெரியாது.

செய்து பார்க்க விரும்புவோர்க்கு விண்டோஸின் படிகளைச் சொல்கிறேன். நோட்பேடை நிர்வாகி உரிமையோடு திறந்து, மேற்சொன்ன பாதையில் உள்ள கோப்பை எடுத்து, கடைசியில் வரியைச் சேர்த்துச் சேமிக்க வேண்டும். கோப்பின் பெயர் `hosts.txt` என மாறிவிடாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். மாறினால் இயங்குதளம் அதைப் படிக்காது. பிறகு உலாவியை மூடிவிட்டு, கட்டளைச் சாளரத்தில் இம்மூன்றையும் இடலாம்:

```
ipconfig /flushdns
ping ad.doubleclick.net
nslookup ad.doubleclick.net
```

முதற்கட்டளை கணினி நினைவில் வைத்திருக்கும் பழைய விடைகளை நீக்குகிறது. இரண்டாவது இயங்குதளத்தின் வழியே பெயரைக் கேட்பதால் நாம் எழுதிய `0.0.0.0` முகவரியைக் காட்டும். மூன்றாவது கோப்பைப் பாராமல் நேரே டி.என்.எஸ். சேவையகத்தைக் கேட்பதால் மெய்யான முகவரியைக் காட்டும். இரண்டு விடைகளும் வேறுபட்டால் வரி வேலை செய்கிறது. ஒன்றாகவே இருந்தால், கோப்பு தவறான பெயரில் இருக்கிறது அல்லது வேறொருவர் அந்த வரியை நீக்கியிருக்கிறார். ஒரே பெயருக்கு ஒரே திரையில் வரும் அவ்விரு விடைகளும் இரண்டு காலங்களுக்கு உரியவை. ஒன்று, 1983க்கு முன் ஒவ்வொரு கணினியும் தன் படியை வைத்திருந்த காலத்தின் விடை. மற்றது அதன் பின் வந்த பொதுமுறையின் விடை.